முதலிடம் பெற்றவள் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

பட்டமளிப்பு விழாவில் முதலிடம் பெற்ற மாணவர் தன் வகுப்பின் சார்பில் பேசுவது அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெடுநாள் வழக்கம். நம் பக்கத்தில் அது அபூர்வம். இங்கே சிறப்பு விருந்தினர் பட்டமளிப்பு உரை ஆற்றுவார், மாணவர்கள் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள், முதலிடம் பெற்றவர் பதக்கம் வாங்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பார். அத்துடன் சரி. காவிரிக் கடைமடையில் நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியில் சில ஆண்டுகளாக அந்த மாணவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குகிறோம். உரையைத் திருத்தும் பொறுப்பு தமிழ்த்துறைக்கு, அதாவது எனக்கு வரும். எத்தனையோ பேருக்கு வாய்க்காத அந்த ஐந்து நிமிடம் வெற்றுச் சொற்களில் கரைந்துபோவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்த ஆண்டு ஓர் உரை எப்படி உருவானது என்பதை எழுதிவைத்தால், இனி பேசப்போகும் பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தாவரவியல் மாணவி அவள். கொண்டுவந்த முதல் படியில் அரைப் பக்கம் வணக்கங்கள். அடுத்து, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்த ராமானுஜன். பிறகு "நண்பர்களே, நீங்கள் இல்லாமல் நான் இல்லை". கடைசியில் "இது முடிவல்ல, தொடக்கம்; புதிய உலகம் நம்மை அழைக்கிறது; வானமே எல்லை". ஒரு சோதனை சொன்னேன். ஒவ்வொரு வரியையும் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவனின் வாயில் வைத்துப் பார். அவனுக்கும் அது அப்படியே பொருந்தினால் அடித்துவிடு. அவளே பேனாவை எடுத்து அடித்தாள். இரண்டு பக்கத்தில் எஞ்சியது கல்லூரியின் பெயர் மட்டும்தான்.

வணக்கங்களில் தொடங்கினோம். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று ஒவ்வொருவரும் மேடையிலிருப்பவர்களைப் பெயரும் பதவியுமாக விளித்து முடித்த பிறகுதான் மாணவரின் முறை வருகிறது. அதே பெயர்களை அவளும் அடுக்கினால் ஐந்தில் ஒன்றரை நிமிடம் போய்விடும். ஐந்து நிமிடம், நிதானமாகப் பேசினால், நானூறு சொற்களுக்கு மேல் தாங்காது. "மேடையில் இருக்கும் பெரியோர்களுக்கும் எதிரில் இருக்கும் என் வகுப்பினருக்கும் வணக்கம்" என்ற ஒரே வரி போதும். யாரையாவது விட்டுவிட்டதாக வருத்தம் வருமோ என்று பயந்தாள். யார் பெயரையும் சொல்லாதபோது யாரையும் விட்டதாகாது.

ராமானுஜனை நீக்கியது வேறு காரணத்துக்காக. அவர் 1904-இல் அந்தக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். மேடைகளில் பெருமை மட்டும் வரும், இந்தப் பகுதி வராது. "தோற்றவர்களுக்கு ஆறுதலாக அதைச் சொல்லட்டுமா அம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அரியர் வைத்திருக்கும் ஒரு மாணவன் தன் நண்பனிடம் அதைச் சொன்னால் ஆறுதல். முதல் மதிப்பெண் பெற்றவள் ஒலிபெருக்கியில் சொன்னால் அது மேலிருந்து தட்டிக்கொடுப்பது போல் ஆகிவிடும். அவள் நிற்கும் இடம் அப்படி. முதலிடம் பெற்றவர்களின் உரை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி நன்றி. "நீங்கள் இல்லாமல் நான் இல்லை" என்பதில் யார், என்ன செய்தார், எந்த நாளில் என்ற மூன்றுமே இல்லை. எனவே எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டேன். செய்முறைத் தேர்வில் உனக்கு நல்ல மதிப்பெண் வந்ததே, தண்டை வெட்ட யார் சொல்லிக்கொடுத்தது? ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார் என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்து மேசையில் இருந்த ஒரு தோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

தாவரவியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தண்டின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால், சவர பிளேடால் அதைக் குறுக்காக ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவியதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இருப்பதில் மெல்லியதைத் தூரிகையால் எடுத்து, சஃப்ரனின் சாயம் ஏற்றி, அதிகச் சாயத்தைக் கழுவி, கண்ணாடித் தகட்டில் கிளிசரின் சொட்டில் வைத்து மூட வேண்டும். தடித்துப்போனால் உள்ளே ஒன்றும் தெரியாது, சிவப்பாக ஒரு திட்டு மட்டும் தெரியும். சாய்வாக வெட்டினால் வட்டமாக இருக்க வேண்டிய குழாய்கள் நீண்டு கோணலாகத் தெரியும். இவளுக்கு முதலாண்டு முழுவதும் அந்தச் சிவப்புத் திட்டுதான் வந்தது. ரம்பத்தால் மரம் அறுப்பதைப் போல பிளேடை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோழிதான் பிளேடையும் தண்டையும் தண்ணீரில் நனைக்கச் சொல்லி, முழங்கையை உடம்போடு ஒட்டவைத்து, "ஒரே இழுப்பு, உன் பக்கமாக, நிறுத்தாதே" என்று கையைப் பிடித்துக் காட்டியவள்.

அந்தத் தோழிக்கு இன்று பட்டம் இல்லை. மூன்றாமாண்டின் நடுவில் திருமணமாகி, படிப்பு நின்றுவிட்டது.

இதைச் சொல்லலாமா என்று நெடுநேரம் பேசினோம். நான் இரண்டு வரம்பு வைத்தேன். தான் பெற்ற உதவியை மட்டும்தான் பேச வேண்டும். ஒருவர் இன்னொருவருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியதைச் சொன்னால், கொடுத்தவர் பாராட்டுப் பெறுவார், வாங்கியவர் தன் பெற்றோர் முன்னால் கூனிக் குறுகுவார். மற்றொன்று, பெயர் சொல்லப்படுகிறவரிடம் அந்த வரியை முன்கூட்டியே படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். தோழி, "பெயரைச் சொல். பிளேடு பிடிக்கக் கற்றுக்கொடுத்ததைச் சொல். படிப்பை நிறுத்தியதைச் சொல்லாதே" என்றாளாம். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் உரைக்கு உயிர் வந்தது. இறுதியில் வரிகள் இப்படி அமைந்தன (பெயரை இங்கே தவிர்க்கிறேன்): "என் கையில் பிளேடைச் சரியாகப் பிடிக்கவைத்தது என் பக்கத்து மேசைத் தோழி. செய்முறைத் தேர்வில் நான் வெட்டிய ஒவ்வொரு தண்டும் அவள் சொன்ன ஒரே இழுப்பில் வெட்டியது. இந்த மதிப்பெண்ணில் அவளுடைய பங்கு இருக்கிறது." நாற்பது சொல்கூட இல்லை. அன்பு, நட்பு, உறுதுணை என்ற சொல் எதுவும் அதில் இல்லை.

இன்னொரு நன்றி ஒரு மாணவனுக்கு. கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தக நகல் என்று ஆளுக்கொரு தாள் குறைந்துகொண்டே இருக்கும். யாருக்கு எது குறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மதிய உணவு நேரங்களில் அலுவலக வாசலில் நின்றவன் அவன். அவளுடைய வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிழையாக இருந்ததையும் அவன்தான் கண்டுபிடித்தான். அந்த இலக்கத்தைச் சொன்னால் போதும், அவனுடைய குணத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. இருவர் போதும் என்று நிறுத்தினோம். பத்துப் பேரைச் சொன்னால் பதினோராவது ஆள் தன் பெயருக்காகக் காத்திருப்பார். இரண்டு செயலைச் சொன்னால் கேட்பவர் ஒவ்வொருவரும் தனக்கு யார் எதைச் செய்தார் என்று தேடத் தொடங்குவார்.

எதிர்காலத்தைப் பற்றிய பகுதியில் எல்லோரும் மறக்கும் ஓர் உண்மை இருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பட்டமளிப்பு விழா பெரும்பாலும் கடைசித் தேர்வு முடிந்து பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கும் மேல் கழித்தே நடக்கிறது. அங்கி அணிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் "புதிய உலகம் அழைக்கிறது" என்று சொல்வதில் பொருளே இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. அவள் வகுப்பில் ஒருத்தி திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். இருவர் பி.எட். படிக்கிறார்கள். சிலர் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறார்கள். ஒருவன் சிங்கப்பூர் போக முகவருக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறான். ஒருவன் அப்பாவோடு சம்பா அறுவடை முடித்து, நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் குவித்து, இரவில் காவல் இருந்துவிட்டு விழாவுக்கு வந்திருந்தான். இவர்களிடம் வானத்தைக் காட்டிப் பயனில்லை. எனவே, "நம்மில் பலர் படித்த பாடத்துக்குத் தொடர்பில்லாத வேலையில் இருக்கிறோம். நானும் முதுகலையில் இடம் கிடைக்காமல் இந்த ஓராண்டை வீட்டில் கழித்தேன்" என்று தொடங்கினாள். அதை எழுத அவளுக்குத் துணிவு வேண்டியிருந்தது. நான் அவளிடம் மிகவும் மதிப்பது அந்த வரியைத்தான்.

அதன் பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் அரசு கலைக்கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதைக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அங்கே மையக்காரரின் கைபேசி எண்ணையே பதிந்துவிடுவது உண்டு. கலந்தாய்வுக்கு அழைக்கும் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், பிள்ளைக்கு வராது. ஒரே பாடத்தை மட்டும் கேட்டுவிட்டு, அது கிடைக்காமல் ஓராண்டு இழந்தவர்களும் உண்டு. அவளுடைய கடைசி வரிகள் இவை: "நம் ஒவ்வொருவர் தெருவிலும் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளை ஒன்று இருக்கும். மே மாதத்தில் அந்தப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். விண்ணப்பத்தில் அந்த வீட்டுக் கைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பாடம் கேட்கச் சொல்லுங்கள். திருப்பூரில் இருப்பவர்கள் தொலைபேசியிலேயே இதைச் செய்யலாம். நன்றி."

விழா முடிந்ததும் சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். நல்ல நாளில் வேலை கிடைக்காததைப் பற்றி ஏன் பேசவைத்தீர்கள், பெற்றோர்கள் வந்திருக்கிறார்களே என்றார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதில் நான் உடன்படவில்லை. அந்தப் பெற்றோர்களுக்குத் தங்கள் பிள்ளை எங்கே வேலை பார்க்கிறது, என்ன சம்பளம் வாங்குகிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அரங்கில் அதை அறியாதவர்கள் மேடையில் இருந்த விருந்தினர்கள் மட்டும்தான். அவர்களும் ஒருமுறை அதை முதலிடம் பெற்றவளின் வாயால் கேட்கட்டும் என்றே நான் விரும்பினேன். அடுத்த ஆண்டு மாணவரிடமும் அந்த வரியை அடிக்கச் சொல்லமாட்டேன்.