குளோரோபில் படத்தின் சிவப்பு எல்லாம் பாசி அல்ல

“குளோரோபில் படத்துல ஆத்து முகத்துவாரம் முழுக்கச் சிவப்பா இருக்கு. அப்போ அங்க பாசி மண்டிக் கிடக்குதுன்னுதானே அர்த்தம்?”

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சிவப்பு கடலின் நிறமே அல்ல, செயற்கைக்கோள் பதிவிலிருந்து கணக்கிட்ட குளோரோபில் அளவுக்குப் பூசிய வண்ணம். தெளிந்த நீர் சிவப்பொளியை உறிஞ்சி நீலத்தைச் சிதறடிப்பதால்தான் ஆழ்கடல் நீலமாகத் தெரிகிறது. வானத்தின் பிரதிபலிப்பால்தான் கடல் நீலம் என்று ஒருவர் சொன்னது மேற்பரப்புப் பளபளப்புக்குச் சரி, அவ்வளவுதான்.

நுண்பாசியின் குளோரோபில் 443 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே நீலத்தை விழுங்கும். 550 அருகே பச்சையை அதிகம் தொடாது. செயற்கைக்கோள் கணக்கு இந்த இரண்டின் விகிதத்தை நம்பியிருக்கிறது. பச்சையோடு ஒப்பிட நீலம் குறையக் குறைய, குளோரோபில் கூடுவதாகக் காட்டும்.

முகத்துவாரத்தில் இது சறுக்கும். மக்கிய இலைதழையிலிருந்து கரைந்து வரும் மஞ்சள் பொருளும் நீலத்தை விழுங்கும். நீரைப் பழுப்பாக்கும் வண்டலோ பச்சையையும் சிவப்பையும் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். பாசி பெருகாமலே விகிதம் சரிந்துவிடும். 443-ஐவிட 412-இல் ஒளி வெகுவாகக் குறைந்திருந்தால் முதலில் மஞ்சள் பொருளைச் சந்தேகியுங்கள். ஆனால் கரையோரத்தில் காற்றுமண்டலம் சேர்க்கும் ஒளியைக் கழிக்கும் திருத்தம் பிசகினாலும் 412-இன் அளவு கெடும்.

அங்கே மீன் நிறையக் கிடைத்ததால் பாசிதான் என்று சொன்ன நண்பருக்கு: பாசியும் இருக்கலாம், மறுக்கவில்லை. அந்த நீரைக் கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, 90% அசிட்டோனில் நிறமியைப் பிரித்து அளந்தால்தான் தெரியும்.