எட்டு மாரியா, ஒரே மாரியா?

போன ஆடியில் வண்டி வேடிக்கை பார்க்க, எங்கள் சேலத்தில் குகைப் பகுதியில் நின்றுகொண்டிருந்தோம். ஜோடனை வண்டி ஒன்று எங்கள் முன்னால் நின்றது. மேலே பரமசிவன் வேடம் போட்டவர் ரப்பர் பாம்பைத் தோளில் ஒதுக்கிவிட்டு, பாட்டில் தண்ணீர் குடித்தார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கால நண்பன், கோட்டையில் வீடு, பள்ளிவாசலுக்குப் போகிறவன், மெல்லக் கேட்டான்: "தப்பா நினைக்காத மாப்ள. நம்ம ஊர்ல எட்டு மாரியம்மனா, ஒரே மாரியம்மன் எட்டு இடத்துல இருக்குதா?"

"எல்லாம் ஒண்ணுதான்டா" என்றேன்.

"எங்களுக்கும் ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு ரெண்டு மதம்?"

சிரித்துவிட்டேன். ஆனால் இரண்டு 'ஒன்று'ம் ஒன்றல்ல என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவனுடைய நம்பிக்கையின் உறுதிமொழியான கலிமா 'இல்லை' என்றுதான் ஆரம்பிக்கிறது. வணக்கத்துக்குரியவன் வேறு யாரும் இல்லை, அல்லாஹ்வைத் தவிர. அங்கே பேச்சு எண்ணிக்கையோடு முடிவதில்லை. படைத்தவனுக்கு உரிய வணக்கத்தில் படைக்கப்பட்ட எதற்கும் பங்கு கிடையாது. பங்கு கொடுத்தால் அதுதான் இணைவைத்தல், பெரும்பாவம்.

பல தெய்வ வழிபாடு என்றால் எனக்குக் கிரேக்கர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். சீயஸ், பொசைடன், ஹேடீஸ் மூவரும் அண்ணன் தம்பிகள். சீட்டுப் போட்டுப் பாகம் பிரித்ததில் ஒருவனுக்கு வானம், ஒருவனுக்குக் கடல், ஒருவனுக்குப் பாதாளம். இலியட் காவியத்தில், போர்க்களத்தை விட்டுப் போகச்சொல்லி சீயஸிடமிருந்து ஆணை வரும்போது பொசைடன் கொதிக்கிறான்: நானும் சமபங்காளி, அவன் தன் பாகத்தோடு நிற்கட்டும் என்கிறான். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே போகிறான். நம்மூர் சொத்துத் தகராறேதான். கவனிக்கவேண்டியது, அந்தக் கதையில் மூவருக்கும் பின்னால் நின்று மூவராகவும் தோன்றுகிற நாலாவது ஆள் யாரும் இல்லை. மூவரும் நிஜமாகவே மூன்று பேர்.

இப்போது எங்கள் ஆயா பேச்சுக்கு வருகிறேன். கோட்டை மாரி பெரியவள், எட்டுப் பேட்டைக்கும் தலைவி. குகை, செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டை என்று மற்றவர்களெல்லாம் தங்கச்சிகள். "நம்மாத்தாவுக்குக் கூழ் ஊத்தாம பெரியாத்தாகிட்ட போனா கோவிச்சுக்குவா" என்பார். கேட்டால் பொசைடன் கதை மாதிரியேதான் இருக்கும். ஆனால் ஒரு வருஷம் முழங்கால் வலியில் குகைக்குப் போக முடியவில்லை. மஞ்சள் துணியில் முடிந்துவைத்த அந்த நேர்த்திக்கடன் காசைக் கோட்டை உண்டியலில் போடச்சொன்னார். "குகை மாரிக்கு வேண்டினதாச்சே" என்றேன். "எங்க போட்டா என்ன கண்ணு, அவளுக்குத்தானே போகுது."

சீயஸ் கோயிலில் போட்ட காணிக்கை பொசைடன் கணக்கில் ஏறாது. ஆயா கணக்கில் ஏறும். வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இது பழைய கேள்விதான். பிருகதாரண்யக உபநிடதத்தில் சாகல்யர் யாக்ஞவல்கியரிடம் தேவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார். 3306 என்று பதில். சரி, உண்மையில் எத்தனை? 33. அப்புறம் 6, 3, 2, ஒன்றரை, கடைசியில் ஒன்று. அந்த ஒன்றரையில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். ஒன்று என்று சொன்ன பிறகும் முதலில் சொன்ன கணக்கை அவர் தள்ளவில்லை. அவையெல்லாம் முப்பத்து மூன்று தேவர்களின் மகிமைகள் என்று விளக்குகிறார்.

ஆனால் 'எல்லாச் சாமியும் சமம்' என்று இதைச் சுருக்குவது தப்பு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்" என்கிறார். இந்த வரியோடு நிறுத்திக்கொள்வது மேடைப் பழக்கம். அடுத்து அவர் சொல்வது, மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினையும் செய்யும் என்று. அதாவது வேண்டுதலைக் கேட்டு அருள்கிறவன் சிவன் ஒருவனே. துவைத ஆசாரியரான மத்வரிடம் போனால் அவர் இன்னும் கறார். விஷ்ணு மட்டுமே சுதந்திரமானவர், மற்றத் தேவர்கள் அவருக்குக் கீழே நிஜமாகவே தனித்தனி ஜீவர்கள். 'இந்துப் பார்வை' என்று ஒருமையில் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வண்டி வேடிக்கை உவமையும் முழுசாகச் செல்லாது. ஒரே ஆள் இந்த வருஷம் சிவன், அடுத்த வருஷம் முருகன் என்பது எல்லாம் ஒன்றே என்கிற அத்வைதிக்கு ஓரளவு ஒத்துவரும், மத்வருக்கு ஒத்துவராது. கிறிஸ்தவத் திரித்துவத்தையும் இப்படி விளக்குகிறவர்கள் உண்டு. ஒருவரே மூன்று வேடம் என்ற விளக்கத்தைத் திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. அவர்களுக்கு ஆள்கள் மூவர், இறைத்தன்மை ஒன்று.

இதையெல்லாம் நண்பனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்ப உங்க சித்தியார் கணக்குல நான் தொழுறதும் சிவனுக்குத்தான் போகுது, இல்லையா?"

"ஆமா."

"நீ மரியாதையாத்தான் சொல்ற, தெரியுது. ஆனா நான் யாரைத் தொழுறேன்னு எனக்குப் பதிலா நீ முடிவு பண்றியே மாப்ள."

அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.