ஸ்டாப் லாஸ் உத்தரவாதம் அல்ல

"ஸ்டாப் லாஸ் போட்டுட்டா அந்த விலைக்குக் கீழ நஷ்டம் போகவே போகாதாமே?"

நம் நிதி மன்றத்துக்கு வந்திருக்கும் புதியவர்களே, வணக்கம். முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்: போகும். 500 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கி, விலை 480-க்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் வைக்கிறீர்கள். அது அன்றைக்கு மட்டும் செல்லும் ஆர்டர் என்றால் மாலை 3.30-க்கே காலாவதியாகிவிடும். இரவில் மோசமான காலாண்டு முடிவு வந்தால், காலையில் பங்கு நேரே 440-ல் திறக்கலாம். பல நாள் நிற்கும் ஜிடிடி ஆர்டரில் 478 என்று விற்பனை விலை வைத்திருந்தாலும், அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்காது, ஆர்டர் தொங்கும். 440-ல் விற்றால் நஷ்டம் 2,000 அல்ல, 6,000. ஆகவே இங்கே முதலில் பழகப்போவது பங்கு எண்ணிக்கையைக் கணக்கிடுவதை, அதுவும் பணமில்லாமல் காகிதத்தில். உங்களால் 2,000 மட்டுமே தாங்க முடியுமானால், இப்படி 60 ரூபாய் சரியக்கூடிய பங்கில் 33-க்கு மேல் வாங்காதீர்கள்.