திரை 120 ஹெர்ட்ஸ், படம் மட்டும் தத்தித் தத்தி

மூன்று வாரங்களாக இந்த எரிச்சலை அடக்கி வைத்திருக்கிறேன். இனி முடியாது, கொட்டிவிடுகிறேன்.

பழைய போனின் திரை உடைந்ததால் புதிது வாங்கினேன். அட்டைப்பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் 120 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது, அதாவது திரை விநாடிக்கு 120 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமாம். அதற்காகவே நான்காயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். அன்று இரவு படுக்கையில் சாய்ந்துகொண்டு ஒரு படம் போட்டேன். தொடக்கத்தில் கேமரா ஒரு வயல்வெளியை இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவிச் செல்கிறது, வரப்போரம் வரிசையாகப் பனைமரங்கள். அந்த மரங்கள் நகரவில்லை, தத்தின. ஒவ்வொரு மரத்தின் விளிம்பும் இரண்டாகத் தெரிவதுபோல் அதிர்ந்தது. இதே படத்தைத் தியேட்டரில் பார்த்தவன் நான். அங்கே அந்தக் காட்சி எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இணைய வேகம் குறைவாக இருக்கும். சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பியும் அதையேதான் சொன்னார். படம் என் போனிலேயே பதிவிறக்கி வைத்த கோப்பு, இணையத்தையே அணைத்துவிட்டுத்தான் காட்டுகிறேன் என்று சொன்னபோதும், மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள் சார் என்று அனுப்பிவிட்டார். வேலைக்குப் போகாத ஒரு முழு நாள் அதோடு போயிற்று.

இதற்கும் இணையத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது வெறும் வகுத்தல் கணக்கு.

படங்கள் விநாடிக்கு 24 ஃப்ரேம் என்ற வேகத்தில் எடுக்கப்படுகின்றன. 1920களின் இறுதியில் படங்கள் பேசத் தொடங்கியபோது ஒலிக்காக நிலைத்துவிட்ட எண் அது, இன்றுவரை மாறவில்லை. ஒரு ஃப்ரேமுக்கு 41.7 மில்லி விநாடி. தியேட்டர் புரொஜெக்டர் ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை, சிலவற்றில் மூன்று முறை ஒளிரச் செய்யும். எத்தனை முறை என்பது முக்கியமில்லை. எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்கிறது, அதுதான் முக்கியம்.

போன் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கிறது என்று வையுங்கள். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. திரையால் அரை முறை புதுப்பிக்க முடியாது. அதனால் முதல் ஃப்ரேமை மூன்று முறை காட்டுகிறது, அடுத்ததை இரண்டு முறை, மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. ஒரு ஃப்ரேம் 50 மில்லி விநாடி நிற்கிறது, அடுத்தது 33 மில்லி விநாடியில் ஓடிவிடுகிறது. சராசரி சரிதான், படமும் ஒலியும் பிசகாது. ஆனால் கண் சராசரியைப் பார்ப்பதில்லை. ஒரு படி உயரமாகவும் அடுத்த படி குட்டையாகவும் கட்டிய மாடிப்படியில் ஏறிப் பாருங்கள், மொத்த உயரம் சரியாக இருந்து என்ன பயன்? காலுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பனைமரத்தையே எடுத்துக்கொள்வோம். போனைப் படுக்கை வாட்டில் பிடித்தால் திரை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அகலம். மரம் அதை ஐந்து விநாடியில் கடக்கிறது, அதாவது விநாடிக்கு 30 மில்லிமீட்டர். நம் கண் அதே வேகத்தில் சீராகப் பின்தொடர்கிறது. மரமோ ஃப்ரேமுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் வீதம் எட்டு வைக்கிறது. ஒவ்வொரு எட்டும் ஒரே இடைவெளியில் விழுந்தால் மூளை அதை நகர்வு என்று ஏற்றுக்கொள்ளும். இங்கே ஓர் எட்டு 8 மில்லி விநாடி தாமதமாக விழுகிறது, அடுத்தது அதே அளவு அவசரமாக. அந்த 8 மில்லி விநாடி திரையில் கால் மில்லிமீட்டர் பிசகு. விநாடிக்குப் பன்னிரண்டு முறை மரம் கால் மில்லிமீட்டர் முன்னும் பின்னும் உதறுகிறது. நான் பார்த்த இரட்டை விளிம்பு இதுதான். முகத்தை மட்டும் காட்டும் வசனக் காட்சியில் இது தெரியாது, படம் முடிந்து பெயர்கள் மேலேறும்போது அப்பட்டமாகத் தெரியும்.

இப்போது என் கோபத்தின் மையத்துக்கு வருகிறேன். 120ஐ 24ஆல் வகுத்தால் துல்லியமாக ஐந்து. ஒவ்வொரு ஃப்ரேமும் ஐந்து முறை, மிச்சம் இல்லை, உதறலும் இல்லை. அப்படியானால் நான் காசு கொடுத்து வாங்கிய 120 ஹெர்ட்ஸ் திரையில் ஏன் உதறுகிறது?

டெவலப்பர் அமைப்புகளில் `Show refresh rate` என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் திரையின் மூலையில் எண் தெரியும். இயக்கிவிட்டுப் படத்தைப் போட்டேன். முதல் இரண்டு விநாடி 120 என்று காட்டியது. பிறகு 60க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. திரையில் விரலை வைத்தேன், 120. பனைமரங்கள் சீராகப் போயின. விரலை எடுத்தேன், சற்று நேரத்தில் 60, மரங்கள் மறுபடி தத்தின. பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் அப்படியே.

பேட்டரியை மிச்சப்படுத்துகிறார்களாம். வீடியோ ஓடும்போது கைதான் திரையில் படுவதில்லையே, எதற்கு 120 என்று 60க்கு இறக்கிவிடுகிறார்கள். மெனுவை மேலும் கீழும் தள்ளும்போது 120, படம் பார்க்கும்போது 60! எங்கே அந்த எண்ணால் உண்மையாகவே பயன் உண்டோ, சரியாக அங்கே பார்த்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள். இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11இலேயே `Surface.setFrameRate()` என்ற வசதியைக் கொடுத்துவிட்டார்கள். நான் காட்டப்போவது விநாடிக்கு 24 ஃப்ரேம் உள்ள வீடியோ என்று செயலி அதன் மூலம் சொல்லலாம், அதற்குப் பொருந்தும் வேகத்தைப் போன் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது வேண்டுகோள்தான், கட்டளை இல்லை. செயலி சொல்லாமல் விடலாம், சொன்னாலும் போன் தயாரித்தவர் தன் பேட்டரிக் கணக்கை மேலே வைக்கலாம்.

என் மைத்துனரின் போன் 90 ஹெர்ட்ஸ். 60ஐ விட நல்லது என்று நம்பித்தான் வாங்கினார். 90ஐ 24ஆல் வகுத்தால் மூன்றே முக்கால். நான்கு, நான்கு, நான்கு, பிறகு மூன்று என்று காட்டியாக வேண்டும். மூன்று படி ஒரே உயரம், நான்காவது மட்டும் குட்டை. விநாடிக்கு ஆறு முறை கால் இடறுகிறது. 48க்கோ 72க்கோ இறங்கினால் கணக்கு நேராகிவிடும், ஆனால் அந்தத் திரைக்கு 60, 90 என்ற இரண்டே வேகங்கள்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் கொடுக்கவில்லை என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓஎல்இடி என்பது புள்ளிகள் தாமே ஒளிரும் திரை. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இருக்கும் நுண் டிரான்சிஸ்டர்கள்தான் அடுத்த புதுப்பிப்பு வரும்வரை அதன் ஒளியை நிலைநிறுத்துகின்றன. வழக்கமான சிலிக்கன் டிரான்சிஸ்டர்களில் மின்னேற்றம் மெல்லக் கசியும். வேகத்தைக் குறைத்தால் கசிய நேரம் கூடுகிறது, ஒளி மாறுகிறது, திரை மினுக்குகிறது. வேகம் மாறும்போது இருண்ட சாம்பல் நிறங்களும் சற்று மாறும் என்பதால், ஒவ்வொரு வேகத்துக்கும் நிறத்தைத் தனியாக அளந்து சரிசெய்ய வேண்டும். விலை உயர்ந்த போன்களில் வரும் எல்டிபிஓ திரைகள் கசிவு மிகக் குறைந்த ஆக்சைடு டிரான்சிஸ்டர்களைக் கலந்து பயன்படுத்துவதால் மிகக் குறைந்த வேகத்துக்கும் மினுக்காமல் இறங்குகின்றன. ஐபோன் புரோ வகைகளில் 2021இலிருந்து இருக்கும் மாறும் வேகத் திரைக்கு ஆப்பிள் கொடுத்துள்ள பட்டியலில் 24, 48 இரண்டுமே உண்டு. ஆனால் என் போனுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அதற்குப் புதிய வேகம் எதுவும் வேண்டாம், இருக்கும் 120ஐ விட்டுவைத்தாலே போதும்.

சிலர் மோஷன் ஸ்மூத்திங்கை இயக்கச் சொல்கிறார்கள். அது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேமை ஊகித்து வரைகிறது. இயக்கிப் பார்த்தேன். நாயகி கையை வீசியபோது விரல்களைச் சுற்றிக் காற்று நெளிந்தது, வளையல் ஒரு கணம் கரைந்து மீண்டும் சேர்ந்தது. ஒளிப்பதிவாளர் எடுத்த படமா அது? எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 120 கிடைத்தாலும் தியேட்டர் மென்மை முழுதாகத் திரும்பாது. பழைய எல்சிடி புள்ளிகள் மந்தமாக மாறுவதால் ஃப்ரேம்கள் ஒன்றோடொன்று கொஞ்சம் கரைந்தன. ஓஎல்இடி புள்ளி சட்டென மாறி, 41.7 மில்லி விநாடியும் அசையாமல் நிற்கிறது, அதனால் ஒவ்வொரு எட்டும் வெட்டித் தெரிகிறது. வெளிச்சம் கூடக் கூட இது இன்னும் உறைக்கும். இருட்டறையில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால் கண்ணுக்கு இதம். ஆனால் இது சீரான தத்தல், கேமரா மிக வேகமாக நகராதவரை கண் பழகிவிடும். மூன்று இரண்டு என்று நொண்டுவதற்கு என் கண் இன்னும் பழகவில்லை, பழகவும் வேண்டாம்.

உங்கள் போன் எப்படி என்று பார்க்க வேண்டுமா? கணினியில் ffmpeg என்ற வீடியோ மென்பொருள் இருந்தால், எண்கள் ஓடும் ஒரு 24 ஃப்ரேம் வீடியோவை இப்படிச் செய்துகொள்ளலாம்:

```
ffmpeg -f lavfi -i testsrc2=size=1280x720:rate=24 -t 30 -pix_fmt yuv420p test24.mp4
```

இதைப் போனில் ஓடவிட்டு, கையை எடுத்துவிட்டு, இன்னொரு போனில் விநாடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் திரையைப் படம்பிடியுங்கள். பிறகு பதிவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, ஒரே எண் எத்தனை ஃப்ரேம் நிற்கிறது என்று எண்ணுங்கள். எல்லாம் பத்து பத்தாக வந்தால் திரை சரியாக இருக்கிறது. 12, 8, 12, 8 என்று வந்தால் 60இல் ஓடுகிறது. மைத்துனரின் போனில் 11, 10, 11, 8 என்று வந்தது. ஒன்று கூடக் குறைய வரலாம், வரிசையைப் பாருங்கள்.

என் போனில் 12, 8. அந்தப் பதிவைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தம்பி இரண்டு முறை போட்டுப் பார்த்தார், தானே எண்ணினார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பெரியவரை அழைத்து வந்தார். புகார் எழுதிக்கொண்டு ஒரு எண் கொடுத்தார்கள். அதுவும் ஒன்பது நாளாகிறது. அடுத்த போனைக் கடையிலேயே, பணம் கட்டும் முன், இந்த வீடியோவைப் போட்டு எண்ணிவிட்டுத்தான் வாங்குவேன்.