கடைசி வண்டியின் நேரத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள்

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்துக்கு நாங்கள் தினமும் செல்லும் ஷட்டில் வண்டியின் நேரம் ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை மாறியது. வண்டியை இயக்குபவர்கள் முந்தைய நாள் மாலையே தங்கள் முகநூல் பக்கத்தில் அதை அறிவித்திருந்தார்கள். இருந்தும் திங்களன்று இரவு 8.40 வண்டிக்காக எங்களில் ஏழெட்டுப் பேர் நிறுத்தத்தில் நின்றோம். அந்த வண்டி 8.20க்கே போய்விட்டிருந்தது.

அறிவிப்பை நாங்கள் பார்க்காமல் இல்லை. என் அலுவலகத் தோழி திங்களன்று மாலை ஆறு மணிக்கே அதைப் பார்த்துவிட்டார். "பயணிகளின் அன்பான கவனத்திற்கு! நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு நாளை முதல் நமது வண்டிகளின் நேரம் சிறிது மாற்றியமைக்கப்படுகிறது" என்று தொடங்கிய அதன் கீழே, பதினாறு நடைகளின் அட்டவணை ஒரு படமாக இருந்தது. திங்கட்கிழமை படித்தவருக்கு "நாளை" என்றால் செவ்வாய்தானே? முகநூல் ஒரு பதிவை எழுதிய நாளிலேயே எல்லோருக்கும் காட்டுவதில்லை. வாட்ஸ்அப்பில் பகிரும்போது எழுதிய தேதியும் உதிர்ந்துவிடுகிறது. ஆகவே நேரமாற்ற அறிவிப்பில் "நாளை", "இன்று", "வரும் திங்கள்" ஆகிய சொற்களுக்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கிழமையும் தேதியும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று தவறாக அச்சாகியிருந்தால் மற்றொன்று அதைக் காட்டிக்கொடுக்கும்.

அந்தப் பதினாறு நடைகளில் மாறியவை இரண்டே இரண்டு. காலை 7.10 வண்டி பத்து நிமிடம் தள்ளிப்போயிருந்தது. இரவின் கடைசி வண்டி இருபது நிமிடம் முன்னதாக நகர்ந்திருந்தது. இவ்விரண்டும் ஒரே எடையுள்ள மாற்றங்கள் அல்ல. தள்ளிப்போன வண்டியைப் பற்றி அறியாதவர் பத்து நிமிடம் காத்திருப்பார், அவ்வளவுதான். முன்னதாகக் கிளம்பும் வண்டியைப் பற்றி அறியாதவர் அதைத் தவறவிடுவார். அது கடைசி வண்டியாகவும் இருந்துவிட்டால் அந்த இரவில் ஷேர் ஆட்டோவைத் தேடி அலைய வேண்டியதுதான். எனவே நேர வரிசையில் எழுதாமல், முன்னதாகக் கிளம்பும் வண்டியை, அதிலும் கடைசி வண்டியை, முதல் வரியில் வைக்க வேண்டும். நீளமான பதிவின் முதல் சில வரிகளை மட்டுமே கைப்பேசி காட்டும். அந்த இடத்தை "அன்பான கவனத்திற்கு" என்ற மரியாதைச் சொற்களுக்குக் கொடுத்தால், நேரம் மடிப்புக்குள் மறைந்துபோகும்.

அதே செய்தியை நான் இப்படி எழுதியிருப்பேன்:

ஒரகடம் – சிங்கப்பெருமாள்கோவில் ஷட்டில்: கடைசி வண்டி 20 நிமிடம் முன்னதாகக் கிளம்பும்.
இரவு 8.40 வண்டி இனி 8.20க்கு.
திங்கள், 04.08.2025 முதல்.
ஆப்பூரில் இரவு 8.35 (முன்பு 8.55).
சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து காலை 7.10 வண்டி இனி 7.20க்கு.
மற்ற வண்டிகளின் நேரம் மாறவில்லை.

இதில் பழைய நேரத்தை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. நாம் வண்டியை நேரத்தைக் கொண்டே அழைக்கிறோம். "எட்டு நாப்பது வண்டி" என்பதுதான் அதன் பெயர். புதிய நேரத்தை மட்டும் எழுதினால், அது கூடுதலாக விட்ட வண்டியா, தன் வண்டியே நகர்ந்துவிட்டதா என்று படிப்பவர் குழம்புவார். ஆப்பூர் வரியும் அலங்காரத்துக்கு எழுதப்பட்டதல்ல. புறப்படும் இடத்தின் நேரத்தை மட்டும் கொடுத்தால், நடுவில் ஏறுபவர்கள் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும். எல்லா நிறுத்தங்களையும் எழுத இடமிருக்காது என்பதால், அதிகம் பேர் ஏறும் ஒன்றிரண்டைச் சொன்னாலே போதும். கடைசி வரியோ, மாற்றமில்லாத பதினான்கு நடைகளில் செல்பவர்களை உடனே நிம்மதியாக அனுப்பிவிடுகிறது.

அட்டவணைப் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாறிய நேரம் எழுத்திலும் இருக்க வேண்டும் என்கிறேன். கைப்பேசி வாசித்துச் சொல்வதைக் கேட்டே செய்தி அறியும் பார்வையற்ற பயணிக்கு, படத்திலுள்ள கட்டங்கள் பெரும்பாலும் ஒழுங்காகக் கேட்பதில்லை. எங்கள் வண்டியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பலர் வருகிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் 8.40, 8.20, 04.08 என்ற எண்கள் தனித்தனி வரியில் நின்றால், ஏதோ மாறியிருக்கிறது என்று அவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. நேரம் மீண்டும் மாறும்போது புதிய பதிவு போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பழையது அப்படியே கிடந்து, யாரோ ஒருவரால் திரும்பவும் பகிரப்படுகிறது. பழைய பதிவைத் திருத்தி, அதன் முதல் வரியில் "இந்த நேரம் இப்போது நடப்பில் இல்லை" என்று சேர்க்க ஒரு நிமிடம் போதும். இந்தக் கோரிக்கையையும் மேலே உள்ள மாதிரியையும் வண்டியை இயக்குபவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.