ராஜினாமா கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதாதீர்கள்

ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேலூரில் பல ஆண்டுகளாகத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் வேலையை விட்ட பிறகுதான் வருகிறார்கள். சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், வேறு வேலையில் போட்டுவிட்டார்கள், அதனால் விட்டுவிட்டேன் என்று சொல்வார்கள். கடிதத்தின் நகலைக் காட்டுங்கள் என்று கேட்டால், நிர்வாகமே அச்சடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டுவார்கள். "என் சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று அதில் இருக்கும். கீழே கையெழுத்து.

அந்த ஒரு வரியால் எவ்வளவு போகிறது என்பதை, பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். அவர் ஆம்பூர் அருகே ஒரு காலணித் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர், கடைசியில் செக்கராக இருந்தவர். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய். பிப்ரவரி மாதம் அவரைச் செக்கிங் மேசையிலிருந்து எடுத்து, தையல் லைனில் உதவியாளராகப் போட்டார்கள். பசை தடவுவதும் நூல் வெட்டுவதும்தான் வேலை. மார்ச் 7 அன்று வந்த சம்பளச் சீட்டில் அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000 ஆக இருந்தது. மீதி 2,600 "உற்பத்தி ஊக்கத்தொகை" என்ற பெயருக்கு மாறியிருந்தது. டார்கெட் முடித்தால்தான் அது கைக்கு வரும்.

"மொத்தம் அதேதானே அம்மா, எதுவும் குறையவில்லையே" என்றார்களாம் ஹெச்.ஆர். அலுவலகத்தில். குறைந்திருந்தது. பிப்ரவரியில் ஊக்கத்தொகையாக வந்தது 900 ரூபாய், மார்ச்சில் ஒன்றுமே இல்லை. ஆக இரண்டு மாதங்களில் 4,300 ரூபாய் போயிற்று. பி.எஃப். கணக்கிலும் அடி விழுந்தது. 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி மாதம் 1,800 பிடித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது 13,000க்கு 1,560 பிடித்தார்கள். தொழிலாளி பங்கில் 240, நிர்வாகத்தின் பங்கிலும் 240.

பெரிய இழப்பு பணிக்கொடையில், அதாவது கிராஜுவிட்டியில். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 15,600ஐ 26ஆல் வகுத்தால் 600, பதினைந்து நாளுக்கு 9,000, ஒன்பது ஆண்டுக்கு 81,000 ரூபாய். 13,000 என்று வைத்தால் நாளுக்கு 500, ஆண்டுக்கு 7,500, மொத்தம் 67,500. குறைக்கப்பட்ட சம்பளத்தை இரண்டு மாதம் பேசாமல் வாங்கிக்கொண்டு, சொந்தக் காரணம் என்று எழுதி வெளியேறினால், ஒன்பது ஆண்டு உழைப்பின் மதிப்பில் 13,500 ரூபாயை விட்டுக் கொடுத்ததாக ஆகும். கடைசிச் சம்பளம் எது என்பதில்தான் சண்டையே. அந்தக் குறைப்பை நீங்கள் ஏற்கவில்லை என்பதற்குத் தாளில் சாட்சி இருக்க வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. சம்பளம், படிகள், வேலை நேரம், தர வகைப்பாடு போன்றவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற நினைக்கும் நிர்வாகம் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், கொடுத்து 21 நாட்கள் ஆகாமல் மாற்றக் கூடாது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இது 9ஏ பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு, தொழில் உறவுகள் தொகுப்பின் 40ஆவது பிரிவில் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு அப்படி ஓர் அறிவிப்பும் வரவில்லை. லைன் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் "நாளை முதல் 4ஆவது லைன்" என்று அனுப்பிய ஒரு செய்திதான் எல்லாமே. அதை அழிக்காமல் வைத்திருந்தார். அது மிகவும் உதவியது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலையை மாற்றியது மட்டும் என்றால் வழக்கு வலுவாக இருக்காது. பெரும்பாலான நியமன உத்தரவுகளில் "நிர்வாகம் ஒதுக்கும் எந்த வேலையையும் செய்ய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அதே சம்பளம், அதே தரம் என்றால் அந்த வரியைக் காட்டிவிடுவார்கள். வேலை மாற்றத்தோடு தரமும் சம்பளமும் இறங்கும்போதுதான் உங்கள் பக்கம் கனம் கூடுகிறது. அதனால் முதலில் நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள். உத்தரவே கொடுக்கவில்லை என்றால் பழைய சம்பளச் சீட்டுகள்தான் உங்கள் உத்தரவு.

அவர் என்னிடம் வந்தபோது ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கவில்லை. "அண்ணா, நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை" என்றார். பிடிக்காது, புரிகிறது. ஆனால் முதலில் எழுத வேண்டியது ஆட்சேபக் கடிதம். நல்லவேளையாக அவர் மார்ச் 10 அன்றே தன் கையால் ஒரு தாளில் "என் சம்பளத்தை என்னைக் கேட்காமல் குறைத்தது சரியில்லை, பழையபடி தர வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். வாங்கியதற்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அதனால் அன்று மாலையே அதைப் படம் எடுத்து நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது தங்கமாகத் தெரிந்தது. மாதக் கணக்கில் பேசாமல் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டிருந்தால், சம்மதித்துவிட்டார் என்று வாதாட நிர்வாகத்துக்கு வழி கிடைத்திருக்கும்.

ஏப்ரல் 10 அன்று கொடுத்த ராஜினாமாக் கடிதத்தின் நடுப்பகுதியை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"பிப்ரவரி மாதம் முதல் என்னைச் செக்கர் பணியிலிருந்து உதவியாளர் பணிக்கு மாற்றினீர்கள். என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,600 ரூபாயிலிருந்து 13,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டன. இதற்கு முன் அறிவிப்பு எதுவும் தரப்படவில்லை. என் சம்மதமும் பெறப்படவில்லை. மார்ச் 10 அன்று எழுத்துமூலம் ஆட்சேபித்தேன், பதில் வரவில்லை. இந்த மாற்றங்களை நான் ஏற்கவில்லை. இவற்றின் காரணமாகவே, வேறு வழியின்றி, ஒரு மாத அறிவிப்புடன் மே 10 அன்று பணியிலிருந்து விலகுகிறேன். சம்பள வித்தியாசத்தையும் 15,600 ரூபாயின் அடிப்படையில் பணிக்கொடையையும் வழங்கக் கோருகிறேன்."

அவ்வளவுதான். இதில் கோபச் சொல் ஒன்றுகூட இல்லை. "கொடுமைப்படுத்தினார்கள்", "அவமானப்படுத்தினார்கள்" என்று அவர் முதலில் எழுதியிருந்ததை நான் எடுக்கச் சொன்னேன். அவை பொய் என்பதற்காக அல்ல. தேதியும் தொகையும் மறுக்க முடியாதவை. மற்றவற்றை மறுத்துவிட்டு, "இந்தக் கடிதமே மிகைப்படுத்தியது" என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அதுபோல, சொல்லாமல் வேலையிலிருந்து நின்றுவிடவும் கூடாது. அப்படி நின்றால் "தானாக வேலையைக் கைவிட்டார்" என்று பதிவேட்டில் ஏறும், அது சொந்தக் காரணத்தைவிட மோசம். அறிவிப்புக் காலத்தை முழுதாக வேலை செய்துவிட்டே வந்தார்.

கடிதத்தைக் கையில் கொடுத்தபோது வாங்க மறுத்தார்கள். "இந்தப் படிவத்தில் எழுதிக் கொடு, இல்லையென்றால் பணி விடுவிப்புச் சான்றிதழ் தர மாட்டோம்" என்றார்கள். இதுதான் எல்லோரையும் மடக்கும் இடம். அவர் வெளியே வந்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததை இணையத்தில் பார்த்து அச்செடுத்து வைத்தார். தபாலில் போட்ட அன்றே ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல்: "இன்று காலை என் கடிதத்தைப் பெற மறுத்து, அச்சிட்ட படிவத்தில் கையெழுத்திட்டால் மட்டுமே சான்றிதழ் என்றீர்கள். அதனால் தபாலில் அனுப்பியுள்ளேன்." சொன்னதை அன்றே எழுதி அவர்களுக்கே அனுப்பிவிட்டால், பின்னால் அப்படிப் பேசவே இல்லை என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

"இப்படி எழுதினால் ஆம்பூரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்" என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த வட்டாரத்தில் நிர்வாகங்கள் ஒன்றையொன்று அறிந்தவைதான், பயம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அடுத்த கம்பெனி வழக்கமாகக் கேட்பது விடுவிப்புச் சான்றிதழையும் சம்பளச் சீட்டையும்தான், உங்கள் ராஜினாமாக் கடிதத்தை அல்ல. என் கருத்தில், நிச்சயமில்லாத ஒரு பயத்துக்காகக் கையில் வர வேண்டிய பணத்தை எழுதிக் கொடுப்பது சரியில்லை.

கணக்கு முடிக்கும் நாளிலும் கவனம் வேண்டும். "முழுப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாள் வரும். காசோலையை வாங்கலாம், ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போடுங்கள், அந்தத் தாளைப் படம் எடுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ராஜினாமா செய்தவருக்கும் நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

ஆதாரங்களில் நான் அதிகம் நம்புவது பி.எஃப். பாஸ்புக். மாதவாரியாக எவ்வளவு சம்பளத்துக்குப் பிடித்தார்கள் என்பது அதில் இருக்கும். இந்தப் பெண்ணுடையதில் ஜனவரி வரை 15,000, பிப்ரவரியில் 13,000 என்று குறைப்பு வரிசையாகத் தெரிந்தது. அந்தப் பதிவு உங்கள் கம்பெனியின் அலமாரியில் இல்லை என்பதுதான் அதன் பலம். வங்கிக் கணக்குப் பட்டியலையும் எடுத்து வையுங்கள்.

கடிதம் எழுதிவிட்டாலே வென்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கட்டாயத்தால் வந்த ராஜினாமா உண்மையில் பணிநீக்கம்தான் என்று வாதாட முடியும், ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல். திரும்ப வேலை வேண்டும் என்பவர்கள், முடிந்தால் ராஜினாமா செய்யாமல் உள்ளே இருந்தபடியே தொழிற்சங்கம் மூலம் சமரச அதிகாரியிடம் போவதே மேல். மேலாளர் நிலையில் இருப்பவர்களுக்கு இந்த 21 நாள் விதி பொருந்தாது, அவர்கள் ஒப்பந்தத்தை வைத்துத்தான் பேச வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து அலுவலகம் தேடி அலைவதும் அதிகமாகிவிட்டது. உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள், தொழிற்சாலை எந்த எல்லையில் இருக்கிறது என்று பார்த்து அந்த எல்லைக்குரிய தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

முதலில் அவருக்குப் பணிக்கொடையாக 67,500 ரூபாய்க்குத்தான் காசோலை கொடுத்தார்கள். ஆட்சேபத்துடன் வாங்கினார். மீதி 13,500க்கு, மார்ச் 10 கடிதத்தையும் ராஜினாமாக் கடிதத்தையும் பாஸ்புக்கையும் இணைத்து அறிவிப்பு அனுப்பினோம், தரவில்லை என்றால் பணிக்கொடை அதிகாரியிடம் போவோம் என்று. மூன்றாவது வாரம் அந்தத் தொகை வங்கிக்கு வந்துவிட்டது. பிப்ரவரி முதலான சம்பள வித்தியாசம் இன்னும் வரவில்லை, அதற்கு மனு கொடுத்திருக்கிறோம்.