ஒரே செய்தியில் கேளுங்கள் என்றது ஆணவமா?

எந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்பது இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "தம்பி, கேள்வியை ஒரே செய்தியாக எழுதினால் பதில் கிடைக்கும்" என்று எங்கள் வரி ஆலோசகர்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியதை வெட்டி எடுத்து, "மூத்தவர்களின் ஆணவம்" என்ற தலைப்போடு முகநூலில் சுற்ற விட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே என்ன இருந்தது என்பதை வெட்டியவர் காட்டவில்லை என்பதால், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று 20ஆம் தேதி. மாதாந்திர ஜிஎஸ்டி வரிக் கணக்கான GSTR-3B-ஐத் தாக்கல் செய்யக் கடைசி நாளில், மாலை ஏழு மணிக்கு எங்கள் அலுவலகங்கள் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் "சார்" என்று ஒரு செய்தி வந்தது. பிறகு "வணக்கம்", பிறகு "ஒரு சந்தேகம்", பிறகு "DRC-01C வந்திருக்கு", கடைசியாக "என்ன செய்யணும்". ஐந்து செய்திகள், ஐந்து மணியோசைகள்; ஐந்தையும் படித்து முடித்த பிறகும் விஷயம் என்னவென்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடம் கழித்து, "பெரியவங்க யாரும் இல்லையா" என்று ஆறாவதாக ஒன்று. நான் எழுதியது அதற்குப் பிறகுதான்.

DRC-01C என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காக: வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதுதான் உள்ளீட்டு வரிக் கிரெடிட்; விற்றவர்கள் காட்டிய பில்களைக் கொண்டு தானாகத் தயாராகும் GSTR-2B காட்டும் கிரெடிட்டை விட GSTR-3B-இல் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் கூடுதலாக எடுத்திருந்தால் ஜிஎஸ்டி போர்ட்டல் தானாகவே கேட்கும் விளக்கம் அது. பதிலளிக்க ஏழு நாள் அவகாசம். அதற்குள் கூடுதல் தொகையைக் கட்டவும் இல்லை, விளக்கமும் தரவில்லை என்றால், அடுத்த மாத விற்பனை விவரமான GSTR-1-ஐத் தாக்கல் செய்ய முடியாமல் போகும். ஆகவே அந்தத் தம்பியின் பதற்றம் நியாயமானது. அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை. ஆனால் அவர் இப்படி எழுதியிருக்கலாம்:

"மே மாதத்திற்கு DRC-01C வந்துள்ளது. 2B-இல் கிரெடிட் 1,15,000, 3B-இல் எடுத்தது 1,87,000, வித்தியாசம் 72,000. ஏப்ரல் பில், சரக்கு மே மாதத்தில்தான் வந்து சேர்ந்ததால் அப்போது எடுக்காமல் இப்போது எடுத்தோம். பணம் கட்டத் தேவையில்லை என்று நினைக்கிறேன். Part B-இல் எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுப்பது? கெடு வெள்ளிக்கிழமை."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். சரக்கு அப்போது வந்து சேராததால் முந்தைய மாதங்களில் எடுக்காமல் விட்ட கிரெடிட் என்ற காரணமே அந்தப் படிவத்தில் பதில் தரும் பகுதியான Part B-இன் பட்டியலில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துத் தொகையைக் குறித்தால் வேலை முடிந்தது. ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. "என்ன செய்யணும்" என்ற கேள்விக்கோ, நான் பத்து எதிர்க்கேள்வி கேட்க வேண்டும். கடைசி நாள் மாலையில் அதைச் செய்யாதவன் ஆணவக்காரன் என்றால், ஆம், நான் ஆணவக்காரன்தான்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் யாருக்கும் உறைப்பதில்லை. ஒரு குழுவை மியூட் செய்தால் அது செய்தவருக்கு மட்டுமே தெரியும். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று வாய்ப்புகளை வாட்ஸ்அப் தருகிறது. நான் அறிந்த யாரும் மூன்றாவதைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. முதலில் மியூட் செய்பவர் யார்? வேலை மிகுந்தவர், அதாவது பதில் தெரிந்தவர். மிஞ்சியிருப்பவர்கள் உங்களைப் போலவே பதில் தேடி வந்தவர்கள். முந்நூறு பேர் இருக்கும் குழு என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கேள்வி போய்ச் சேருவதோ நாற்பது பேரிடம். பதில் தெரிந்தவர்களை யாரும் வெளியே தள்ளவில்லை. பூங்கொத்துப் படங்களும், "நன்றி சார்" என்ற நாற்பது தனித்தனிச் செய்திகளும் தள்ளிவிட்டன. அந்த நன்றியை ஒரு கைகூப்பும் ரியாக்‌ஷனாக இட்டிருந்தால், அறிவிப்பு பதில் சொன்னவருக்கு மட்டும் போயிருக்கும். மற்றவர்களின் கைப்பேசி அசைந்திருக்காது.

"வணக்கம் சொல்வது நம் பண்பாடு, அதையும் விடச் சொல்கிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் எழுதுங்கள் என்றுதான் சொன்னேன். ஒருவர் வீட்டுக்குப் போய், வணக்கம் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, மறுபடி தட்டி, விஷயத்தைச் சொல்வதும் நம் பண்பாட்டில் இருக்கிறதா என்ன?

"புதியவர்கள் பயந்து கேட்காமலே போய்விடுவார்கள்" என்ற இன்னொரு குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தனிச்செய்தியில் சொல்லியிருக்க வேண்டியதை முந்நூறு பேர் முன்னால் சொன்னேன். அந்த அளவில் தவறு என்னுடையது.

ஆனால் நானும் புதியவனாக இருந்தவன்தான். எனக்கு யாரும் சொல்லித்தராததால் என்ன ஆயிற்று என்பதையும் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளருக்கு வந்த நோட்டீஸைப் படமெடுத்து இதே போன்ற ஒரு குழுவில் போட்டேன். கடையின் பெயரைக் கவனமாக மறைத்தேன். ஜிஎஸ்டி எண்ணை மறைக்கவில்லை. பதினைந்து எழுத்துகள் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. அடுத்த பத்தும் அப்படியே அவருடைய பான் எண். அதோடு, அந்த எண்ணைப் போர்ட்டலில் தேடினால் கடையின் பெயர் யாருக்கும் கிடைக்கும். அவருக்குப் போட்டிக் கடை வைத்திருந்தவரின் கணக்காளர் அதே குழுவில் இருந்தார். மூன்றாம் நாள் வாடிக்கையாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். திட்டவில்லை. "என் ஃபைலை எல்லாம் எடுத்துக் குடுத்துருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் படமே போடுவதில்லை. வேண்டிய இரண்டு வரிகளைத் தட்டச்சு செய்கிறேன். கைப்பேசியின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகத் தீட்டி மறைப்பவர்களுக்கு ஒரு செய்தி: படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து பல நேரம் தெரியும். மறைக்க வேண்டிய பகுதியை வெட்டி எறிவதே பாதுகாப்பானது.

அந்தத் தம்பியும் அன்று ஏழாவதாக ஒரு படம் போட்டார். எண், பெயர், முகவரி எல்லாம் தெரிந்தன. அதை உடனே நீக்கச் சொன்னதும் நான்தான். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரி மட்டும் எப்படியோ விடுபட்டுப் போயிருக்கிறது.

"விதி வகுக்க நீ யார், நீ அட்மினா" என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை. நான் அட்மின் இல்லை. மியூட் செய்யாமல் இன்னும் அந்தக் குழுவில் பதில் எழுதிக்கொண்டிருக்கும் ஏழெட்டுப் பேரில் ஒருவன், அவ்வளவுதான். இந்த வாரம் எனக்கும் அந்தப் பொத்தானை அழுத்தத் தோன்றியது.

இன்று காலை வரை அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு 212 கருத்துகள் வந்திருந்தன. அனைத்தையும் படித்தேன். என் வயதைப் பற்றி, என் தொனியைப் பற்றி, என் தலைமுறையைப் பற்றிப் பலர் எழுதியிருந்தார்கள். DRC-01C-க்கு என்ன பதில் போடுவது என்று ஒருவர்கூட எழுதவில்லை. அன்றிரவே நான் அந்தத் தம்பிக்குத் தனிச்செய்தி அனுப்பி, மாதம், தொகை, காரணம் மூன்றையும் கேட்டிருந்தேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. நாளை வெள்ளிக்கிழமை.